பிடிஎஃபைப் பெரிய எழுத்தில் அச்சிடுதல்: வீட்டுப் பெரியவர்களுக்காகச் செய்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வேர்டில் செய்வதுபோல எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எழுத்தை மட்டும் 18 ஆக்க முடியாதா?

முடியாது. வேர்ட் கோப்பில் வாக்கியங்கள் இருக்கின்றன. எழுத்து பெரிதானால் வரி மடங்கி அடுத்த வரிக்கு ஓடும், பக்கம் தானாக நீளும். பிடிஎஃபில் அப்படி ஓடுவதற்கு எதுவும் இல்லை. இந்த எழுத்து இடது ஓரத்திலிருந்து இத்தனை தூரத்தில், கீழிருந்து இத்தனை உயரத்தில் என்று ஒவ்வொன்றின் இடமும் முன்பே குறிக்கப்பட்டிருக்கும். ஒரு வரியில் எழுத்தை மட்டும் பெரிதாக்கினால் அது வலது ஓரத்தைத் தாண்டி வெளியே போகும், இல்லாவிட்டால் மேல் வரியில் மோதும்.

ஆகவே உங்களிடம் இருப்பவை மூன்று வழிகள். பக்கத்தின் வெற்று ஓரங்களை வெட்டிவிட்டு மிச்சத்தைத் தாள் முழுக்க விரிப்பது ஒன்று. ஒரு பக்கத்தை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் ஒரு தாளில் விரிப்பது இரண்டாவது. எழுத்துகளை வெளியே எடுத்துப் புதிதாகப் பக்கம் அமைப்பது மூன்றாவது. வேலை அதே வரிசையில் கூடும். முதல் வழியில் முடிகிற காரியத்துக்கு மூன்றாவதில் இறங்க வேண்டாம்.

பக்க அளவை 150 சதவீதம் ஆக்கிச் சேமித்தேன். திரையில் பெரிதாகத் தெரிந்தது. பிரிண்ட் எடுத்தால் அதே சின்ன எழுத்து. ஏன்?

நீங்கள் பெரிதாக்கியது பக்கத்தையும் எழுத்தையும் சேர்த்து. ஏ4 பக்கம் கிட்டத்தட்ட ஏ3 ஆகிவிட்டது. பிரிண்டரில் இருப்பதோ ஏ4 தாள். அச்சிடும் பெட்டியில் `Fit` தேர்வில் இருந்தால் அந்தப் பெரிய பக்கத்தை மறுபடி ஏ4க்குச் சுருக்கித்தான் அச்சிடும். 150 ஆக்கினீர்கள், அது திரும்ப 100 ஆக்கிவிட்டது. `Actual size` என்று மாற்றினாலோ சுருக்காது, ஆனால் பக்கத்தின் ஓரங்கள் தாளுக்கு வெளியே போய்விடும்.

தாள் பெரிதாகாமல் எழுத்து பெரிதாக வேண்டுமென்றால் ஒரு தாளில் இருக்கும் வார்த்தைகள் குறைந்தாக வேண்டும். வேறு கணக்கே கிடையாது. வெற்று ஓரத்தைத் தியாகம் செய்யலாம், அல்லது பக்க எண்ணிக்கையைக் கூட்டலாம்.

ஏ3 அச்சிடும் இடம் பக்கத்தில் இருந்தால், ஏ4ஐ ஏ3யில் எடுத்தால் 141 சதவீதம் கிடைக்கும். 11 பாயின்ட் எழுத்து பதினைந்தரை ஆகும். ஆனால் 297க்கு 420 மி.மீ. தாளை மடியில் வைத்துப் புரட்டுவது வயதானவர்களுக்குக் கஷ்டம். ஓரிரு தாளுக்குச் சரி, புத்தகத்துக்கு வேண்டாம்.

பாட்டிக்கு எத்தனை பாயின்ட் வைக்க வேண்டும்?

பெரிய எழுத்துப் பதிப்பு என்றால் பொதுவாக 16 அல்லது 18 பாயின்டிலிருந்து தொடங்குவார்கள். அதை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியிடமே கேட்டுத் தீர்மானிப்பதுதான் சரி. கேட்கும் விதம் முக்கியம்.

ஒரே பத்தியை 14, 16, 18, 20, 24 பாயின்டில் ஒரு தாளில் அச்சிடுங்கள். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், அவர் வீட்டு விளக்கில், அவர் போடும் கண்ணாடியோடு கொடுங்கள். "தெரிகிறதா?" என்று கேட்டால் எல்லோரும் தெரிகிறது என்றுதான் சொல்வார்கள். உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எந்த அளவில் வேகம் குறைகிறது, எங்கே தாளைக் கண்ணருகே கொண்டுபோகிறார், எங்கே வார்த்தையை ஊகித்துச் சொல்கிறார் என்று கவனியுங்கள். எப்படியாவது படித்துவிடுகிற மிகச் சிறிய அளவு வேறு, அரை மணி நேரம் களைப்பில்லாமல் வாசிக்கிற அளவு வேறு. இரண்டாவது பெரும்பாலும் முதலாவதைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. 12இல் தட்டுத்தடுமாறிப் படித்தால் 18இலிருந்து 24க்குள் தேடுங்கள்.

24லும் வரியைத் தவறவிட்டு வாசிக்கிறார், வார்த்தையின் நடுவே எழுத்து காணாமல் போகிறது என்கிறார் என்றால் அது எழுத்தளவுப் பிரச்சினை அல்ல. கண் மருத்துவரிடம் காட்டுங்கள். அச்சு வேலையை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

என் பிடிஎஃபில் இப்போது இருப்பது எத்தனை பாயின்ட் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கோப்பை LibreOffice Draw-வில் திறந்து ஒரு வரியைச் சொடுக்குங்கள். மேலே எழுத்தளவுப் பெட்டியில் எண் தெரியும். எழுத்துரு மாறி வார்த்தைகள் கோணல்மாணலாகத் தெரிந்தாலும் பொருட்படுத்தாதீர்கள், நமக்கு அந்த எண் போதும். எதையும் சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

ஸ்கேன் செய்த கோப்பு என்றால் இது நடக்காது. ஒரு பக்கத்தை `Actual size`இல் அச்சிட்டு, மேலே சொன்ன சோதனைத் தாளின் பக்கத்தில் வைத்து எந்த அளவோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள்.

இதில் ஒரு சிக்கல். பாயின்ட் எண் ஒன்றாக இருந்தாலும் எல்லாத் தமிழ் எழுத்துருவும் ஒரே அளவில் தெரியாது. விஜயா எழுத்துருவில் 18 பாயின்ட், லதாவின் 18ஐவிடத் தெளிவாகச் சிறியது. எண்ணைவிட ஸ்கேலை நம்புங்கள்: அச்சான தாளில் 'ப' என்ற எழுத்தின் உயரத்தை மி.மீ.இல் அளந்து, பாட்டிக்கு வசதியாக இருந்த மாதிரியோடு ஒப்பிடுங்கள்.

வெறும் ஓரத்தை வெட்டினால் போதுமா?

மூலப் பக்கம் சிறிதாக இருந்தால் போதும். ஏ5 அளவுப் புத்தகத்தின் பிடிஎஃப் என்று வைத்துக்கொள்வோம்: 148க்கு 210 மி.மீ. இருபுறமும் 15, மேலும் கீழும் 18 மி.மீ. ஓரம் போனால் எழுத்து நிற்கும் இடம் 118க்கு 174. ஏ4 தாளில் சுற்றிலும் 10 மி.மீ. விட்டால் கிடைப்பது 190க்கு 277. அகலக் கணக்கில் 1.61 மடங்கு, உயரக் கணக்கில் 1.59. சிறியதை எடுத்துக்கொண்டால் 11 பாயின்ட் எழுத்து பதினேழரையாக வரும். ஒரு பக்கம்கூடக் கூடாமல் வேலை முடிந்தது.

மூலம் ஏ4ஆக இருந்தால் இந்த அதிர்ஷ்டம் இல்லை. 160 மி.மீ. அகல எழுத்துப் பகுதியை 190க்கு விரித்தால் கிடைப்பது 1.19 மடங்குதான், 11 என்பது 13 ஆகும். அதற்காகத் தாள் செலவழிப்பது வீண்.

என்னுடையது அதேதான்: ஏ4 பிடிஎஃப், 11 பாயின்ட், 40 பக்கம், வீட்டு பிரிண்டரும் ஏ4. 18 அளவுக்காவது கொண்டுவர வழி?

பக்கத்தைக் குறுக்காக இரண்டாக வெட்டி, தாளைப் படுக்கைவாட்டில் திருப்புங்கள். பலருக்குத் தேவைப்படும் வழி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எழுத்துப் பகுதி 160 மி.மீ. அகலம், 240 உயரம் என்போம். இரண்டு பாதியாக்கினால் ஒவ்வொன்றும் 120. ஆனால் சரியாக நடுவில் வெட்டினால் ஏதாவது ஒரு பக்கத்தில் கத்தி ஒரு வரியின் நெஞ்சில் விழும். மேல் பாதியில் கொம்பும் கால் பாகமும், கீழ் பாதியில் மிச்சமும் வரும். அதனால் இரண்டு பாதிகளும் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி வெட்ட வேண்டும். 11 பாயின்ட் எழுத்துக்கு வரி உயரம் சுமார் 5 மி.மீ.; 10 மி.மீ. ஏறினால் எந்தப் பக்கத்திலும் குறைந்தது ஒரு முழு வரி இரண்டு பாதியிலும் இருக்கும். ஆக, ஒவ்வொரு கட்டமும் 160க்கு 125.

படுத்த ஏ4 தாளில் சுற்றிலும் 5 மி.மீ. போக 287க்கு 200 கிடைக்கும். அகலத்துக்கு 1.79 மடங்கு இடம் இருக்கிறது, உயரத்துக்கு 1.6. உயரம்தான் கட்டுப்படுத்தும். 11ஐ 1.6ஆல் பெருக்கினால் 17.6. கேட்ட 18க்கு ஒரு மயிரிழை குறைவு, அவ்வளவுதான். 160 மி.மீ. அகலம் 256 ஆகும்; 297 மி.மீ. தாளில் இரு பக்கமும் 20 மி.மீ.க்கு மேல் மிச்சம் நிற்கிறது. ஸ்பைரல் போடுவதற்கான இடம் தானாகவே கிடைத்துவிட்டது.

வெட்டுவதற்கு Briss என்ற இலவச மென்பொருளைச் சொல்வேன். கணினியில் ஜாவா இருந்தால் ஓடும். கோப்பைத் திறந்ததும் எல்லாப் பக்கங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடித்தாள்போல அடுக்கி, ஒற்றைப்படைப் பக்கங்களை ஒரு படமாகவும் இரட்டைப்படைப் பக்கங்களை இன்னொரு படமாகவும் காட்டும். மங்கலான கறுப்புத் திட்டாகத் தெரிவது எழுத்து எங்கெங்கே போகிறது என்பதன் வரைபடம். அதன்மேல் மேல் பாதிக்கு ஒரு கட்டம், கீழ் பாதிக்கு ஒரு கட்டம் வரையுங்கள். இரண்டாவதைக் கொஞ்சம் தள்ளி வரைந்துவிட்டு, மூலையைப் பிடித்து இழுத்து முதல் கட்டத்துக்குள் இரண்டு வரி அளவு நுழையவிடுங்கள். நான்கு கட்டங்களும் ஒரே அகலம், ஒரே உயரமாக இருக்கட்டும். வெட்டச் சொன்னால் ஒவ்வொரு கட்டமும் தனிப் பக்கமாகி 80 பக்கக் கோப்பு வரும். மேல் பாதி முன்னும் கீழ் பாதி பின்னுமாக வரிசை சரியா என்று முதல் நான்கு பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தின் தலையில் ஓடும் புத்தகப் பெயர், அடியில் பக்க எண் இவற்றைக் கட்டத்துக்கு வெளியே விட்டுவிடலாம். ஒவ்வொன்றும் 10 மி.மீ. தின்னும், அதைவிட எழுத்து பெரிதாவது மேல். பக்க எண்ணை அச்சிட்ட பிறகு மார்க்கரால் கையாலேயே பெரிதாக எழுதிவிடுங்கள். அதுவே பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு பாதியிலும் வரும் அந்த ஓரிரு வரியைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க மறக்காதீர்கள். சொல்லாவிட்டால், படித்த வரியே மறுபடி வருகிறதே, பக்கம் மாறிவிட்டதோ என்று திரும்பத் திரும்பப் புரட்டுவார்கள். கீழ் பாதித் தாளில் புதிய வரி தொடங்குமிடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டால் இன்னும் நல்லது. 40 இடம்தான்.

வெட்டியாயிற்று. அச்சிடும்போது எதைத் தேர்ந்தெடுப்பது?

முன்பு உங்களைக் கெடுத்த `Fit`தான் இப்போது கைகொடுக்கும். வெட்டிய பக்கம் தாளைவிடச் சிறியது; `Fit` அதைத் தாள் முழுக்க விரிக்கும். `Actual size` வைத்தால் பழைய 11 பாயின்டில் நடுவே ஒரு பட்டையாக வரும். சில நிரல்களில் `Shrink oversized pages` என்ற தேர்வு இருக்கும், அது பெரியதைச் சுருக்குமே தவிரச் சிறியதை விரிக்காது. அதைத் தொடாதீர்கள்.

திசை `Landscape`. இருபுறமும் அச்சிட்டு இடப்பக்கக் குட்டை விளிம்பில் ஸ்பைரல் போடுவதாக இருந்தால் `Flip on short edge`. இது மாறிப்போனால் ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் தலைகீழாக இருக்கும். நான்கு பக்கம் மட்டும் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் கொடுங்கள்.

ஒரு பக்கத்தில் எழுத்து சரியாக இருக்கிறது, அடுத்த பக்கத்தில் இரண்டு மடங்கு ராட்சத எழுத்து. என்ன தவறு?

பக்கத்துக்குப் பக்கம் தானாக ஓரம் கண்டுபிடித்து வெட்டும் கருவியைப் பயன்படுத்தியிருப்பீர்கள். `pdfcrop` அப்படித்தான் செய்யும். அத்தியாயம் முடியும் பக்கத்தில் நான்கே வரி இருந்தால் அந்த நான்கு வரியைச் சுற்றி இறுக்கமாக வெட்டும். அச்சில் `Fit` அதைத் தாளின் அளவுக்கு ஊதிவிடும். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே கட்டம் என்று கட்டாயப்படுத்தினால் போதும். கட்டளை வரியில் பழக்கம் உள்ளவர்களுக்கு:

```
pdfcrop --bbox "70 78 526 764" katai.pdf vettiyadhu.pdf
```

நான்கு எண்களும் பக்கத்தின் இடது கீழ் மூலையிலிருந்து பாயின்டில் அளந்தவை: இடது, கீழ், வலது, மேல். 72 பாயின்ட் ஓர் அங்குலம். உங்கள் கோப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 18 போதவில்லை, 24 வேண்டும். இன்னும் சின்னதாக வெட்டலாமா?

வெட்டலாம், ஆனால் வரியின் அகலம் தடுக்கும். 11இலிருந்து 24க்கு 2.18 மடங்கு, 160 மி.மீ. வரி 349 ஆகிவிடும். ஏ4ஐப் படுக்க வைத்தாலும் 297தான். வரியையே உடைத்து மடக்கினால்தான் முடியும்.

வரியைப் படமாகவே மடக்கும் ஒரு கருவி உண்டு: k2pdfopt. பக்கத்தைப் படமாகப் பார்த்து, வார்த்தைகளுக்கு இடையிலான வெற்றிடத்தைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு வார்த்தையையும் சின்னப் படமாக வெட்டிப் புது வரிகளில் அடுக்கும். எழுத்து என்ன மொழி, எந்த எழுத்துரு என்று அதற்குக் கவலை இல்லை. பழைய எழுத்துருவில் செய்த தமிழ் பிடிஎஃபுக்கு இது பெரிய வரம்.

```
k2pdfopt katai.pdf -ui- -x -w 21cm -h 29.7cm -odpi 300 -om 0.6 -fs 24 -o periyadhu.pdf
```

`-fs 24` என்பது நீங்கள் விரும்பும் எழுத்தளவு, `-om 0.6` அங்குலத்தில் ஓரம். தமிழில் ஒரு குறை தெரியும்: நம் வார்த்தைகள் நீளம். 24 பாயின்டில் ஒரு வரிக்கு நான்கைந்து வார்த்தைதான் நிற்கும், அடுத்த நீள வார்த்தை இடமில்லாமல் கீழே இறங்க, வலது ஓரம் பல் விழுந்ததுபோல இருக்கும். படிப்பதற்கு அது இடைஞ்சல் இல்லை. இடைஞ்சல் ஆவது கவிதை, பாட்டு, அட்டவணை, அடிக்குறிப்பு ஆகியவற்றில்; அவற்றின் வரி அமைப்பு கலைந்துவிடும். அந்தப் பக்கங்களை மட்டும் தனியே வெட்டி விரித்துக்கொள்ளுங்கள்.

எழுத்தை நகலெடுத்து வேர்டில் ஒட்டினால் குப்பையாக வருகிறதே?

எந்த மாதிரிக் குப்பை என்று பாருங்கள். ஆங்கில எழுத்தும் குறியீடுகளுமாக வந்தால் கோப்பு யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்தது: டிஸ்கி, டாம், டாப், பாமினி, வானவில் என்று பல வகை. திரையில் தமிழ் வடிவம், உள்ளே வேறு எழுத்து. கோப்பின் பண்புகளில் `Fonts` பகுதியில் எழுத்துருவின் பெயர் தெரியும். அதை வைத்து வகையைக் கண்டுபிடித்து ஒரு குறியாக்க மாற்றியில் கொடுத்தால் யூனிகோடாக மாறும்.

தமிழ் தமிழாகவே வந்து, கொம்பு மட்டும் இடம் மாறியிருந்தால் அது வேறு நோய். பிடிஎஃபில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும்; 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, யூனிகோடில் ககரத்துக்குப் பின்னால் வர வேண்டும். 'கொ', 'கோ' இரண்டு துண்டாக உடைந்து வரும். சில கோப்புகளில் ஒழுங்காக ஒரே மாதிரி தவறும், அப்போது தேடி மாற்றலாம். கண்டபடி தவறினால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். பக்கத்தைப் படமாக்கி எழுத்துணரியில் கொடுப்பது விரைவு. கூகுள் டிரைவில் ஏற்றிக் கூகுள் டாக்ஸில் திறந்தாலே தமிழை ஓரளவு நன்றாக எடுத்துக் கொடுக்கும். காலும் ரகரமும் மாறுவது, புள்ளி விழுந்துபோவது, ண-ன குழப்பம் இவற்றுக்காக ஒருமுறை முழுதாகப் படித்தே ஆக வேண்டும். மருந்தளவு, தொலைபேசி எண் மாதிரி எதுவும் இருந்தால் மூலத்தோடு விரல் வைத்து ஒப்பிடுங்கள்.

எழுத்து நல்லபடியாக வந்தாலும் ஒவ்வொரு வரி முடிவிலும் எண்டர் விழுந்திருக்கும். பத்திகளுக்கு நடுவே வெற்று வரி இருந்தால் வேர்டில் மூன்று மாற்றத்தில் சரிசெய்யலாம். முதலில் `^p^p` இருக்கும் இடமெல்லாம் `@@` வையுங்கள். பிறகு `^p` எல்லாவற்றையும் ஓர் இடைவெளியாக்குங்கள். கடைசியாக `@@`ஐ `^p` ஆக்குங்கள்.

சரி, எழுத்து கையில் வந்துவிட்டது. புதிதாகப் பக்கம் அமைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் ஒரு எரிச்சல். LibreOffice Writer-இல் பாணியில் 20 என்று போட்டும் தமிழ் எழுத்து அப்படியே இருக்கும், எண்களும் ஆங்கிலமும் மட்டும் பெரிதாகும். தமிழ் அங்கே `CTL` என்ற வகையில் சேரும், அதற்கு எழுத்துருவும் அளவும் தனி. பாணி அமைப்பில் `CTL Font` பகுதியிலும் அதே அளவைக் கொடுங்கள். பகுதி தெரியவில்லை என்றால் அமைப்புகளின் மொழிப் பக்கத்தில் அதை இயக்க வேண்டும். வேர்டிலும் எழுத்துருப் பெட்டியில் `Complex scripts` என்று இதற்கு இணையான இடம் உண்டு.

கறுப்பழுத்தம் தெளிவு தரும் என்று எல்லாவற்றையும் போல்டாக்கிவிடுவார்கள். தமிழுக்கு இது சரிவராது. ண, ணை, ஊ, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை இடம் அடைபட்டு, மங்கிய கண்ணுக்கு ஒரு கறுப்புப் பொட்டாகத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் போலச் சீரான தடிமன் உள்ள எழுத்துருவை இயல்பான அழுத்தத்தில் வையுங்கள்; மெல்லிய கோடுள்ள அலங்கார எழுத்துரு வேண்டாம். போல்டைத் தலைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இருபுறமும் சமன்செய்யாமல் இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு செய்யுங்கள். வரிக்கு ஐந்து வார்த்தை இருக்கும்போது சமன்செய்தால் வார்த்தைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கு விழும். வரி இடைவெளி 1.3 முதல் 1.5. பத்திக்குப் பத்தி அரை வரி இடம். கட்டும் பக்கம் 25 மி.மீ. ஓரம். இவ்வளவு போதும்.

ஸ்கேன் செய்த பழைய புத்தகம். பெரிதாக்கினால் மங்கிவிடாதா?

ஸ்கேன் எவ்வளவு அடர்த்தி என்பதைப் பொறுத்தது. 300 டிபிஐயில் எடுத்ததை 1.6 மடங்கு விரித்தால் தாளில் 187 டிபிஐ ஆகும். பெரிய எழுத்துக்கு இது தாராளம். 150இல் எடுத்தது 94 ஆகிவிடும், விளிம்பு படிக்கட்டாகத் தெரியும். அடர்த்தியை அறிய `pdfimages -list katai.pdf` கொடுத்து `x-ppi` என்ற நெடுவரிசையைப் பாருங்கள். மூலப் புத்தகம் கையில் இருந்தால் மறுபடி 400இல் ஸ்கேன் செய்வதே நல்ல வழி.

மங்கலைவிட அதிகம் தொந்தரவு தருவது பழுப்புப் பின்னணிதான். எழுத்துக்கும் தாளுக்கும் உள்ள வேறுபாடு குறைவாக இருந்தால் 20 பாயின்டும் உதவாது, மையும் தீரும். ScanTailor போன்ற நிரலில் பக்கப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டு வெட்டுங்கள். வரம்பை எழுத்து மெலியும் பக்கம் அதிகம் தள்ளினால் மெய்யெழுத்தின் புள்ளிகள் மறைந்துபோகும், ஆகவே புள்ளி நிறைய உள்ள ஒரு பக்கத்தை வைத்துச் சோதியுங்கள்.

மொத்தம் எத்தனை தாள் ஆகும்? தாத்தாவால் தூக்க முடியுமா?

நியாயமான கேள்வி. புதிதாகப் பக்கம் அமைத்தால் பக்க எண்ணிக்கை எழுத்தளவு விகிதத்தின் வர்க்கமாகக் கூடும். 11இலிருந்து 18 என்றால் 1.64 மடங்கு, அதன் வர்க்கம் 2.7, 40 பக்கம் 107 ஆகும். 24 என்றால் 4.8 மடங்கு, 190ஐத் தாண்டும். பாதியாக வெட்டும் வழியில் 80 பக்கத்தோடு முடிந்ததற்குக் காரணம், தாளின் ஓரங்களை அது தின்றுவிட்டது.

80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். 107 பக்கத்தை இருபுறமும் அச்சிட்டால் 54 தாள், 270 கிராம்; தூக்கலாம். ஆனால் 80 ஜிஎஸ்எம்மில் பின்பக்க எழுத்து நிழலாகத் தெரியும், பெரிய எழுத்தின் நிழலும் பெரிது. 100 ஜிஎஸ்எம் எடுங்கள், அல்லது ஒருபுறம் மட்டும் அச்சிடுங்கள். ஒருபுறம் என்றால் எடை இரட்டிக்கும், அப்போது இரண்டு பாகமாகப் பிரித்துக் கட்டுவதே நல்லது. பளபளப்பான தாள் வேண்டாம், விளக்கு வெளிச்சம் கண்ணில் தெறிக்கும். ஸ்பைரல் போட்டால் மேசைமேல் தட்டையாக விரிந்து நிற்கும், கையால் அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை.

படிவம், அட்டவணை இருக்கும் பக்கங்களை என்ன செய்வது?

பூர்த்தி செய்ய வேண்டிய படிவத்தின் அளவை மாற்றி அனுப்பாதீர்கள், வாங்குபவர்கள் திருப்பிவிடக்கூடும். ஏ3யில் ஒரு படி எடுத்துப் படிக்கக் கொடுங்கள், எழுதுவது மூலத்தில். இரண்டிலும் கட்டங்களுக்கு 1, 2, 3 என்று பென்சிலால் ஒரே எண் போட்டுவிட்டால் எது எங்கே என்று தேட வேண்டாம்.

அட்டவணையை நடுவில் வெட்டினால் வலது பாதியில் இருக்கும் எண் எந்த வரிசைக்கு உரியது என்றே தெரியாது. அகலமான அட்டவணை என்றால் முதல் நெடுவரிசையையும் தலைப்பு வரியையும் ஒவ்வொரு துண்டிலும் திரும்பப் போட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். அல்லது வரிசைக்கு ஒரு சின்னப் பத்தியாக எழுதிவிடுங்கள்: காலையில் எது, எத்தனை, இரவில் எது, எத்தனை.

தாளே வேண்டாம், டேப்லெட்டில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அதே வெட்டிய கோப்பைத்தான். சாதாரண 10 அங்குலத் திரை ஏ4 தாளைவிடச் சிறியது. வெட்டாத ஏ4 பக்கத்தை அதில் முழுதாகக் காட்டினால் எழுத்து 11இலிருந்தும் குறைந்துவிடும். விரலால் விரித்து இடமும் வலமும் நகர்த்திப் படிப்பது பெரும்பாலான பெரியவர்களுக்கு ஒத்துவராது, வரியின் முனையைத் தொலைத்துவிடுவார்கள். பாதிப் பக்கக் கோப்பைப் போட்டு, டேப்லெட்டைப் படுக்கைவாட்டில் வைத்து, திரை சுழலாமல் பூட்டிவிட்டு, பக்கம் பக்கமாகத் தள்ளும் முறையில் வையுங்கள். அதிலும் எழுத்து சின்னதாகத் தெரிந்தால் k2pdfopt-இல் `-w`, `-h` இரண்டுக்கும் திரையின் அளவைக் கொடுத்துத் தனியாக ஒரு கோப்பு செய்துகொள்ளுங்கள்.